தை மாதத்தில் கழற்றிய மாலை

மகரஜோதி பார்த்துவிட்டு ஊர் திரும்பியவர்கள் வாசலில் தேங்காய் உடைத்து, பூஜை அறையில் அம்மாவின் கையால் மாலையைக் கழற்றிக்கொள்வது தை மாதத்தின் முதல் வாரத்தில். அன்று எல்லோருக்கும் களைப்பு. இருமுடி பிரித்து, பிரசாதம் பங்கு வைத்து, கறுப்பு வேட்டிகளைத் துவைத்துப் போடுவதற்குள் பொழுது சாய்ந்துவிடும். கழுத்திலிருந்து இறங்கிய மாலை, அரவணை டின் வந்த பிளாஸ்டிக் கவரிலேயே சுருண்டு பீரோவுக்குள் போய்விடும். மறுபடி அதைத் தேடுவது கார்த்திகை முதல் தேதிக்கு முந்தின நாள்தான்.

இடைப்பட்ட பத்து மாதங்களில்தான் மாலைகள் கெடுகின்றன. போட்டிருக்கும்போது அல்ல, கழற்றி வைத்த பிறகு. எங்கள் தெருக் குருசாமி வீட்டுத் திண்ணையில் ஒவ்வொரு ஐப்பசியிலும் அதைப் பார்க்கலாம். பழைய மாலையைக் கொண்டுவந்து, “சாமி, இதை இந்த வருஷம் போடலாமா?” என்று கேட்பவர்கள் வரிசையாக வருவார்கள். ஒன்றில் வெள்ளை வெள்ளையாகப் பூஞ்சணம். ஒன்றில் பச்சையாகப் பிசுபிசுப்பு. ஒன்றைக் கையில் எடுத்ததுமே நூல் இற்று மணிகள் திண்ணையெங்கும் ஓடும். அவர் ஒவ்வொன்றையும் முதலில் முகர்ந்து பார்ப்பார். பிறகு, “எண்ணெய் போட்டீங்களா சாமி? என்ன எண்ணெய்? போட்டுட்டு எப்படி வச்சீங்க?” என்று கேட்பார். அந்தத் திண்ணையில் பல ஐப்பசிகள் உட்கார்ந்திருந்து பார்த்ததும், என் அப்பாவின் மாலையை நானே பிரித்துச் சரிசெய்தபோது கற்றுக்கொண்டதும்தான் இந்தக் கட்டுரை.

ஐயப்ப பக்தர்கள் அணியும் மாலைகளில் மூன்று வகை அதிகம்: ருத்ராட்சம், துளசி, சந்தனம். மூன்றும் ஒரே கடையில் ஒரே ஆணியில் தொங்குவதால் மூன்றுக்கும் ஒரே பராமரிப்பு என்று நினைத்துவிடுகிறோம். உண்மையில் இவை மூன்றும் மூன்று வேறு பொருள்கள். ருத்ராட்சம் ஒரு பழத்தின் கொட்டை. நேபாளத்திலும் ஜாவாவிலும் மிகுதியாக வளரும் மரத்தில் நீல நிறத்தில் பழுக்கும் கனியை ஊறவைத்து, சதையை நீக்கி எடுக்கும் கெட்டியான ஓடு அது. துளசி மணி, முற்றிய துளசிச் செடியின் அடித்தண்டைக் கடைந்தது. லேசானது, மெத்தென்றது, நீரைச் சட்டென்று குடிக்கக்கூடியது. சந்தனமோ மரத்தின் வைரம். அதன் உள்ளேயே நறுமண எண்ணெய் இருக்கிறது. அந்த எண்ணெய்தான் அதன் மதிப்பு. கொட்டைக்கு ஏற்ற வைத்தியம் தண்டுக்குக் கெடுதல், வைரத்துக்கு அதைவிடக் கெடுதல்.

நனைவதும் காய்வதும்

மணி எதனால் வெடிக்கிறது என்பது முதலில் புரிய வேண்டும். மரப்பொருள் எதுவானாலும் ஈரம் பட்டால் சற்று உப்பும், காய்ந்தால் சுருங்கும். மெதுவாக நடந்தால் அதனால் பாதகமில்லை. நன்றாக நனைந்த மணியைக் கொளுத்தும் வெயிலில் போட்டால் மேல்தோல் உடனே காய்ந்து சுருங்குகிறது. உள்ளே இன்னும் ஈரம், அது சுருங்க மறுக்கிறது. இரண்டுக்கும் இழுபறி வந்து மேல்பரப்பு பிளக்கிறது. ருத்ராட்சத்தில் இந்தப் பிளவு பெரும்பாலும் முகக்கோட்டில்தான் விழும், ஏனென்றால் கொட்டையின் அறைகள் ஒன்றோடொன்று ஒட்டியிருக்கும் தையல் அதுதான். துளசியிலும் சந்தனத்திலும் துளையின் விளிம்பிலிருந்து ரேகை கிளம்பும்.

விரதக்காரர் ஒரு மண்டலம், அதாவது 41 நாள்கள், காலையும் மாலையும் குளிக்கிறார். மாலையைக் கழற்றக் கூடாது என்பது விரதத்தின் நெறி. அதை மீறச் சொல்ல எவருக்கும் உரிமையில்லை. ஆகவே மணிகள் 80 தடவைக்குமேல் நனைந்தே தீரும். செய்யக்கூடியது ஒன்றுண்டு: குளித்ததும் காய்ந்த பருத்தித் துண்டை மாலைக்கு அடியில் கொடுத்து, மணிகளை அதில் பொதிந்து ஒற்றி எடுப்பது. தேய்க்க வேண்டாம். அரை நிமிட வேலை. ஈரச்சட்டைக்கு உள்ளே மாலையைப் போட்டுக்கொண்டு கிளம்புவதுதான் உண்மையான கேடு. சோப்பும் அப்படித்தான். அதன் நுரை மணியின் பள்ளங்களில் தங்கிக் காய்ந்து, ருத்ராட்சத்தின் மேலிருக்கும் இயல்பான மெருகைக் கரைக்கும். சந்தனத்தின் மேற்பரப்பைக் கழுவி வெளிறச் செய்யும். விரத நாள்களில் சோப்பைத் தவிர்க்கும் வழக்கம் பலரிடம் உண்டு. மாலைக்கும் அது நல்லதாகப் போயிற்று.

அப்பாவின் மாலை

அப்பாவின் மாலை ஐந்து முக ருத்ராட்சம், சுண்டுவிரல் நக அளவு மணிகள். செம்புக் கம்பியில் கட்டியது, நடுவில் ஐயப்பன் டாலர். அவர் கடைசியாக மலைக்குப் போய்வந்த தையில் பாலித்தீன் கவரில் சுற்றி, இரும்புப் பெட்டியின் அடியில் வைத்திருந்தார். ஒன்பது ஆண்டுகள் கழித்து என் மகன் மாலை போட விரும்பியபோதுதான் பெட்டியைத் திறந்தோம். கவரைப் பிரித்ததுமே சிக்கெண்ணெய் வாடை. மணிகள் கறுத்து, ஒன்றோடொன்று ஒட்டியிருந்தன. பள்ளங்களில் வெள்ளை. துளைகளைச் சுற்றிக் களிம்புப் பச்சை.

குருசாமி சொன்ன முதல் வார்த்தை, “அவசரப்பட்டு எண்ணெய் போடாதீங்க.” வாடிய மாலையைப் பார்த்தால் எல்லோருக்கும் முதலில் எண்ணெய்க் கிண்ணம்தான் நினைவுக்கு வரும். அழுக்கின்மேல் எண்ணெய் போட்டால் அழுக்கும் சேர்ந்து உள்ளே இறங்கும். முதலில் அந்த வெள்ளை எது என்று தெரிய வேண்டும். வெள்ளை நான்கு வகையில் வரலாம். விரலால் அழுத்தினால் உடல் சூட்டில் உருகிப் பளபளத்தால் அது உறைந்த நெய் அல்லது தேங்காயெண்ணெய். ஈரத்துணி பட்டதும் கரைந்து காணாமல் போனால் வியர்வை உப்பு. சாம்பல் நிறத்தில் மாவாக உதிர்ந்தால் திருநீறு. பஞ்சுபோல் மெல்லிய மயிரோடு இருந்து, துடைத்தபின் சில நாளில் அதே இடத்தில் மறுபடி வந்தால், மண்வாடையும் அடித்தால், பூஞ்சணம். அப்பாவின் மாலையில் திருநீறும் பூஞ்சணமும் கலந்திருந்தன.

பச்சைக்குக் காரணம் அந்தக் கம்பி. அப்பா ஆண்டுதோறும் எண்ணெய் தடவுவார், துடைக்கும் பழக்கமில்லை. எண்ணெய் நாள்பட்டுக் கெட்டால் அதில் கொழுப்பு அமிலங்கள் பிரியும். அவை செம்போடு சேர்ந்து மெழுகு போன்ற பச்சைப் பிசினாகும். வியர்வை உப்பும் சேர்ந்தால் இன்னும் வேகம். செம்பிலோ பித்தளையிலோ பூண் போட்ட மாலை எதுவானாலும் இது நடக்கும். எனவே உலோகத்தில் கட்டிய மாலைக்கு எண்ணெய் தடவுவதென்றால், உலோகத்தில் படாமல் மணிக்கு மட்டும் தடவ வேண்டும். இல்லையென்றால் பிரித்துத்தான் தடவ வேண்டும்.

நாங்கள் பிரித்தோம். முதலில் செல்போனில் படம் எடுத்துக்கொண்டோம்: எந்த மணிக்குப் பக்கத்தில் எந்த மணி, டாலர் எங்கே, மேரு எங்கே என்று. மேசைமேல் தடித்த துண்டை விரித்து, கம்பியைச் சின்னக் கட்டரால் நறுக்கினோம். மணிகள் உருண்டோடாமல் துண்டு பிடித்துக்கொண்டது. எண்ணினால் 108, மேரு தனி. மூன்று மணிகள் முகக்கோட்டில் அடிவரை வெடித்திருந்தன, அவற்றை ஒதுக்கிவைத்தோம். மயிரிழைபோல் மேலோட்டமாக ஓடிய ரேகைகளை அப்படியே விட்டோம். அந்த மாதிரி மணிகள் இன்னும் பல ஆண்டுகள் தாங்கும். உடனே ஒட்டும் பசையை அதில் ஊற்றுகிறவர்கள் உண்டு. பசை உள்ளே இறுகியபின் மணியால் ஈரத்துக்கு ஏற்ப விரியவும் சுருங்கவும் முடியாது, பக்கத்தில் புது வெடிப்பு விழும்.

பிறகு மூக்கில் துணி கட்டிக்கொண்டு, மாடியில் வைத்து, காய்ந்த பிரஷால் ஒவ்வொரு மணியையும் துலக்கினோம். கைக்குழந்தைகளுக்கு விற்கும் மென்மையான டூத்பிரஷ் இதற்குப் பொருத்தம். பூஞ்சணத்தை ஈரத்தோடு தேய்த்தால் பள்ளத்துக்குள் அப்பிக்கொள்ளும். காய்ந்த நிலையில் தட்டிவிட்டால் பெரும்பகுதி போய்விடும். வீட்டுக்குள் செய்தால் அந்தத் தூள் வேறு எங்காவது போய் ஒட்டும், மூச்சுக்கும் கெடுதல்.

கெட்டுப்போன எண்ணெய்ப் பிசினை எடுக்க நல்ல எண்ணெய்தான் வழி என்பது எனக்குப் புதிய பாடம். இறுகிய பழைய எண்ணெயைப் புது எண்ணெய் இளக்கிவிடும். மணிகளைக் கிண்ணத்தில் போட்டு ஒரு தேக்கரண்டி நல்லெண்ணெய் விட்டுப் பிசறி, அரை மணி நேரம் வைத்தோம். அதற்குள் பச்சைப் பிசின் வழுவழுப்பாகிவிட்டது. மூங்கில் பல்குச்சியால் பள்ளங்களைச் சுரண்டினால் கையோடு வந்தது. ஊசியும் குண்டூசியும் வேண்டாம், முகக்கோட்டைக் கீறிவிடும்.

இந்த எண்ணெயையும் கழுவ வேண்டும். இரண்டு பூந்திக்கொட்டையின் தோலை இரவே வெதுவெதுப்பான நீரில் ஊறவைத்திருந்தோம். அந்த நீரில் மணிகளை ஐந்து நிமிடம் மட்டும் வைத்து, பிரஷால் முகக்கோட்டின் போக்கிலேயே தேய்த்து, இரண்டு தடவை நல்ல நீரில் அலசினோம். நீர் தேநீர் நிறத்தில் வந்தது. ருத்ராட்சத்தில் இயற்கையான துவர்ப்புச் சாறு உண்டு, சிறிது பழுப்பு இறங்குவது வழக்கம். அலச அலசச் சிவப்பாகவோ கருஞ்சிவப்பாகவோ இறங்கிக்கொண்டே இருந்தால் அது கடைக்காரர் ஏற்றிய சாயம். அந்த மாலையை மேலும் நனைக்காமல் துடைப்பதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும்.

காயவைத்ததுதான் நீண்ட வேலை. நிழலில், விசிறிக்குக் கீழே, பருத்தித் துண்டின்மேல் மூன்று நாள்கள். காலையும் மாலையும் மணிகளைப் புரட்டிவிட்டோம். ருத்ராட்சத்தின் வெளிப்புறம் ஒரு மணி நேரத்தில் காய்ந்துவிடும்; துளைக்குள்ளும் அறைக்குள்ளும் ஈரம் நாள்கணக்கில் நிற்கும். காய்ந்ததா என்று அறிய எளிய வழி உண்டு. சுத்தமான கண்ணாடிப் பாட்டிலில் மணிகளைப் போட்டு மூடி, இளவெயில் படும் ஜன்னலோரத்தில் ஒரு மணி நேரம் வையுங்கள். பாட்டிலின் உள்பக்கம் பனிமூட்டம் படிந்தால் ஈரம் இன்னும் இருக்கிறது. எங்களுக்கு இரண்டாம் நாள் மூட்டம் தெரிந்தது, மூன்றாம் நாள் மாலை தெரியவில்லை.

எண்ணெய் எவ்வளவு

எண்ணெய் மணிக்கு உணவு என்று பேசுவதுண்டு. உண்மையில் அது காவலாளி. மணிக்குள் ஈரம் ஓடிவருவதையும் ஓடிப்போவதையும் மெதுவாக்குகிறது. அதனால் வெடிப்பு குறைகிறது. அந்த வேலைக்குக் கண்ணுக்குத் தெரியாத மெல்லிய பூச்சே போதும். அதற்கு மேல் போடும் ஒவ்வொரு சொட்டும் தூசியைப் பிடிக்கவும், காற்றுப்பட்டுச் சிக்கு வாடை அடிக்கவும்தான் பயன்படும். அப்பாவின் 108 மணிகளுக்கு அரைத் தேக்கரண்டி நல்லெண்ணெய் போதுமானதாக இருந்தது. உள்ளங்கையில் ஊற்றி, பத்துப் பத்து மணியாக உருட்டி, தட்டில் பரப்பி ஓர் இரவு விட்டோம். மறுநாள் பழைய வேட்டித் துணியால் ஒவ்வொன்றையும் துடைத்து, கொஞ்சம் திருநீறு தூவி உருட்டி, மறுபடி பிரஷால் தட்டினோம். திருநீறு மிச்ச எண்ணெயை உறிஞ்சிக்கொள்ளும். பெரியவர்கள் ருத்ராட்சத்துக்குத் திருநீறு பூசிய வழக்கத்தில் இந்தப் பலனும் அடங்கியிருக்கிறது. கடைசியில் டிஷ்யூ தாளில் மணியை அழுத்திப் பார்த்தோம். தாளில் எண்ணெய்க்கறை விழாவிட்டால் அளவு சரி.

நல்லெண்ணெயைத் தேர்ந்தெடுக்கக் காரணம் உண்டு. எள்ளுக்குள்ளேயே எண்ணெயைக் கெடாமல் காக்கும் பொருள்கள் இருப்பதால் அது சீக்கிரம் சிக்கு வாடை அடிப்பதில்லை. தேங்காயெண்ணெயும் எளிதில் கெடாது. ஆனால் மார்கழிக் குளிரில் உறைந்து பள்ளங்களில் வெள்ளையாக நிற்கும். சூரியகாந்தி எண்ணெய் விரைவில் பிசினாகிவிடும். விளக்கெண்ணெய் ஆரம்பத்திலிருந்தே கெட்டி. கடைகளில் தீப எண்ணெய் என்று வருபவை பல எண்ணெய்களோடு வாசனையும் நிறமும் கலந்தவை. பூஜை அறையில் கைக்கெட்டும் தூரத்தில் இருப்பதால் பலரும் அதைத்தான் தடவுகிறார்கள். அது திரிக்கு உரியது, மணிக்கு வேண்டாம்.

புது ருத்ராட்சத்தை ஒரு நாள் நெய்யிலும் ஒரு நாள் பாலிலும் ஊறவைத்துப் பிறகு அணிவது பல இடங்களில் பழக்கம். அது நம்பிக்கை சார்ந்த முறை, அதைச் செய்ய விரும்புகிறவர்கள் தாராளமாகச் செய்யலாம். கோர்ப்பதற்கு முன்பே செய்துவிடுங்கள், கம்பியும் நூலும் பாலில் நனைய வேண்டாம். பால் முடிந்ததும் நன்றாக அலசுங்கள். பள்ளத்தில் தங்கிய பால் துளியில்தான் பூஞ்சணம் முதலில் முளைக்கும். பிறகு முன்பு சொன்ன மூன்று நாள் உலர்த்தல். துளசிக்கும் சந்தனத்துக்கும் இந்த ஊறலை ஒருபோதும் செய்யாதீர்கள்.

இதையொட்டி இன்னொன்று. நல்ல ருத்ராட்சம் மூழ்கும், போலி மிதக்கும் என்று சொல்லி, ஆண்டுதோறும் தண்ணீரில் போட்டுப் பார்ப்பவர்களைக் கண்டிருக்கிறேன். நன்கு காய்ந்த அசல் மணியே உள்ளே இருக்கும் காற்றால் மிதக்கலாம். எடை ஏற்றிய போலி மூழ்கலாம். சோதனை ஒன்றையும் நிரூபிக்காது, மணி மட்டும் நனைந்துபோகும்.

கழுத்தில் தினமும் கிடக்கும் ருத்ராட்சத்துக்கு உடம்பின் எண்ணெயே ஓரளவு போதும். ஆண்டுக்கு ஒரு தடவை, மிஞ்சினால் இரண்டு. அப்பாவின் மாலையை இந்தத் தடவை செம்பில் கட்டவில்லை. கோயில் குளக்கரையில் மாலை கோர்ப்பவரிடம் கொடுத்து, கெட்டியான பட்டு நூலில், மணிக்கு மணி முடிச்சிட்டு வாங்கினோம். முடிச்சு இருந்தால் மணிகள் ஒன்றையொன்று உரசித் தேயாது, அறுந்தாலும் ஒரு மணிதான் விழும். வெடித்த மூன்றுக்கும் பதில் அதே அளவில் புது மணிகள். அவை வெளிறித் தெரிகின்றன. சில ஆண்டுகளில் மற்றவற்றின் நிறத்துக்கு வந்துவிடும்.

துளசி

துளசியைப் பற்றிச் சொல்ல வேண்டியது குறைவு, ஏனென்றால் அதற்குச் செய்ய வேண்டியதே குறைவு. கழுவக் கூடாது. பிழிந்த ஈரத்துணியால் ஒரு தடவை, உடனே காய்ந்த துணியால் ஒரு தடவை, அவ்வளவே. குங்குமமும் மஞ்சளும் பட்டால் தண்டு குடித்துக்கொள்ளும், பிறகு எடுக்கவே முடியாது. எண்ணெய் ஆண்டுக்கு ஒரு முறை: துணியில் இரண்டு சொட்டு விட்டு, துணியைக் கசக்கிப் பரவச் செய்து, அதனால் மணிகளை உருவிவிட வேண்டும். நேராக மணியில் சொட்டினால் துளைப் பக்கம் மட்டும் அதிகம் உறிஞ்சித் திட்டுத் திட்டாகக் கறுக்கும். மணி சிறியது, லேசானது, ஓரம் எளிதில் உடையும். வைணவர்கள் ஆயுள் முழுக்கக் கழுத்தில் அணியும் துளசி மாலைகளில் முதலில் தோற்பது மணியல்ல, நூல்தான். நூல் கறுத்து விறைத்துப்போனால் அறும்வரை காத்திருக்காமல் மாற்றிவிடுங்கள்.

துளசிக்கு ஒரு தனி எதிரி உண்டு: மரத்தூள் வண்டு. மாலை வைத்த பெட்டியின் அடியில் கோலமாவைவிட நைசான தூள் விழுந்திருந்தால், மணியில் குண்டூசித் தலை அளவு வட்டத் துளைகள் தெரிந்தால், மணி உளுக்கத் தொடங்கிவிட்டது. மருந்து தெளிக்க வேண்டாம்; அது மறுபடி கழுத்தில் ஏறப்போகிற பொருள். அருங்காட்சியகங்களில் மரப்பொருள்களுக்குச் செய்வதை வீட்டிலேயே செய்யலாம். மாலையை நன்றாகக் காயவைத்து, காற்றை வெளியேற்றி, பாலித்தீன் பையில் இறுக மூடி, ஃபிரிட்ஜின் உறைபெட்டியில் இரண்டு வாரம் வையுங்கள். வெளியே எடுத்தபின் பையை உடனே பிரிக்காதீர்கள். ஒரு நாள் முழுக்க அறைச்சூட்டுக்கு வரட்டும். முன்பே பிரித்தால் குளிர்ந்த மணியின்மேல் காற்றின் ஈரம் முத்து முத்தாகப் படியும். பிறகு தூளைத் தட்டிவிட்டு, ஒரு மாதம் வெள்ளைத்தாள்மேல் வைத்துப் பாருங்கள். தாளில் புதுத் தூள் விழவில்லை என்றால் வண்டு செத்தது.

சந்தனம்

சந்தன மாலை வாசனை போய்விட்டது என்று பெரும்பாலோர் கவலைப்படுவதுண்டு. உண்மையான வைரமாக இருந்தால் வாசனை உள்ளே இருக்கிறது. வியர்வையும் தூசியும் படிந்து மேல்பரப்பின் நுண்துளைகள் அடைந்துவிட்டன, அவ்வளவுதான். சந்தன எண்ணெய் மெதுவாக ஆவியாகும் தன்மையுடையது. அதனால்தான் பழைய சந்தனக் கட்டை இழைத்தால் இன்றும் மணக்கிறது. போலியின் குணம் இதற்கு நேர்மாறு. வாங்கிய அன்று அறையே மணக்கும், சில வாரத்தில் ஒன்றுமில்லாமல் போகும், இழைத்தாலும் வராது. அதைக் காப்பாற்ற வழியில்லை.

அடைந்துபோன மணியை முதலில் முரட்டுப் பருத்தித் துணியால் சூடேறும்வரை தேய்த்துப் பாருங்கள். பல சமயம் அதிலேயே மணம் எழும். எழாவிட்டால் 400 எண்ணுக்கு மேற்பட்ட நைசான உப்புத்தாளை எடுத்து, மர ரேகையின் போக்கில் நாலைந்து இழுப்பு மட்டும். தூள் விழத் தொடங்கியதுமே நிறுத்துங்கள், விழுவது சந்தனம். செதுக்கு வேலைப்பாடு உள்ள மணியில் இதைச் செய்யவே கூடாது, பிரஷோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

சந்தனத்துக்கு நல்லெண்ணெய் போடாதீர்கள். அது துளைகளை அடைத்து, மணத்தைத் தன் வாடையால் மூடி, நிறத்தைக் கறுக்கச் செய்யும். தடவியே ஆக வேண்டும் என்று மனம் கேட்டால் சுத்தமான சந்தன எண்ணெயில் ஒரே சொட்டு, அதுவும் மாலையைப் பொதிந்துவைக்கும் துணியில். சென்ட், சானிடைசர், ஸ்பிரிட் மூன்றும் பட வேண்டாம். சந்தன எண்ணெய் ஆல்கஹாலில் கரையும், துடைக்கத் துடைக்க மணமும் துணியோடு வந்துவிடும். எங்கள் உறவினர் ஒருவர் தொற்றுக்காலத்தில் மாலையைத் தினமும் சானிடைசரால் துடைத்தார். நல்ல நோக்கம்தான். ஆனால் ஆறே மாதத்தில் மணிகள் வெளிறி வறண்டுபோயின.

தையிலிருந்து கார்த்திகை வரை

மாலை கழற்றிய அன்றே உள்ளே வைக்காதீர்கள் என்பதுதான் இதில் முதல் வேலை. துடைத்து, நூலைச் சரிபார்த்து, நிழலில் ஒரு வாரம் தட்டில் விரித்துப் போடுங்கள். சுவாமி படத்தின்மேல் மாட்டுவது பார்க்க நிறைவாகத்தான் இருக்கும். ஆனால் கீழே எரியும் விளக்கின் சூடும் புகையும் நாள்தோறும் மணிகளில் ஏறும், ஒரு பக்கம் கறுத்து மறுபக்கம் வெளிறும். ஒரு வாரம் மாட்டி வணங்கிவிட்டு எடுத்துவிடலாம்.

ருத்ராட்சத்துக்கு எண்ணெய் தடவுவதென்றால் அந்த வாரத்தின் தொடக்கத்திலேயே தடவித் துடைத்துவிடுங்கள். உள்ளே போகும் நாளில் டிஷ்யூ தாள் சோதனை தேற வேண்டும். பிறகு மூன்று மாலைக்கும் மூன்று பருத்திப் பைகள். எண்ணெய் ஏறிய ருத்ராட்சத்தோடு சந்தனத்தைச் சேர்த்து வைத்தால் சந்தனத்தில் கறை விழும். பைகளை எவர்சில்வர் டப்பாவிலோ மரப்பெட்டியிலோ வைக்கலாம். கடலோர ஊர்களில் இருப்பவர்கள் மருந்துப் பாட்டில்களில் வரும் ஈரம் உறிஞ்சும் சிறு பொட்டலங்கள் இரண்டைக் கூடவே போட்டுவிடுங்கள். சந்தனப் பெட்டி மட்டும் நன்றாக மூடியதாக இருக்கட்டும். அந்துருண்டையும் கற்பூரமும் சந்தனத்தின் பக்கத்தில்கூட வேண்டாம். அவற்றின் வாடை மரத்தில் ஏறினால் இறங்காது. பூச்சிக்குப் பயந்தால் ருத்ராட்சப் பையிலும் துளசிப் பையிலும் ஒரு துண்டு வசம்பு போதும்.

நடுவில் இரண்டு தடவை திறந்து பார்க்க வேண்டும். ஒன்று ஆனியில், வெயிலின் வறட்சி முடிந்தபின். புது வெடிப்பு இருந்தால் அப்போது தெரியும். இன்னொன்று புரட்டாசிக் கடைசியில், வடகிழக்கு மழை இறங்குவதற்கு முன். அப்போதே பூஞ்சணத்தைக் கண்டுவிட்டால் பிரஷோடு முடிந்துவிடும். திறந்ததும் முதலில் முகர்ந்து பாருங்கள். கண்ணுக்கு முன்பே மூக்குக்குத் தெரிந்துவிடும்.

போன புரட்டாசியில் அப்பாவின் மாலையை எடுத்தோம். எள்ளின் லேசான வாசம் மட்டும் இருந்தது. அம்மா மடியில் வெள்ளைத் துணியை விரித்து, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, மேருவிலிருந்து ஒவ்வொரு மணியாக விரலால் தள்ளி எண்ணினாள். புதிதாகச் சேர்த்த மூன்றையும் தாண்டும்போது மட்டும் கொஞ்சம் நின்று பார்த்தாள். பிறகு பேரனின் கழுத்து அளவுக்குச் சரியாக இருக்குமா என்று கேட்டாள்.